பத்து பெர்சென்ட்னு சொன்ன வண்டி லோன், நோண்டிப் பாத்தா எத்தனை பெர்சென்ட்? ஒரு முழு கேஸ்

என் மச்சான், அதாவது வீட்டுக்காரியோட தம்பி, திண்டுக்கல்ல ஒரு லேத் பட்டறைல வேலை பாக்குறான், போன வருஷம் ஒரு ஸ்கூட்டர் எடுத்தான். ஷோரூம்லயே ஒரு ஓரமா டேபிள் போட்டு ஃபைனான்ஸ் ஆளு உக்காந்திருப்பாருல்ல, அவர் சொன்ன கணக்கு இது. வண்டி ஆன்ரோடு 98,000, நீங்க 26,000 கட்டுங்க, மீதி 72,000 லோன், வருஷத்துக்கு 10 பெர்சென்ட் வட்டி, ரெண்டு வருஷம், மாசம் 3,600. அவ்ளோதான் சார் முடிஞ்சது, சாயங்காலம் வண்டிய எடுத்துட்டுப் போலாம்னு.

அதே வாரம் அவனுக்கு சம்பளம் ஏறுற பேங்க்ல கேட்டதுக்கு 14 பெர்சென்ட், ரெண்டு நாளாகும், சம்பள சர்டிஃபிகேட் வேணும்னு சொல்லிருக்காங்க. நான் ஒரு மில்லுல அக்கவுண்ட்ஸ் பாக்குறவன், எனக்கு ஒரு போன் பண்ணிக் கேட்ருக்கலாம், கேக்கல. எடுத்ததுக்கப்புறம் தான் வந்து சொன்னான். ஏன்டா மாப்ள பேங்க்ல எடுக்கலன்னு கேட்டேன். "மாமா, நீங்க கணக்கு எழுதுற ஆளு தான, பத்து பெருசா பதினாலு பெருசா?" அப்டின்னான் சிரிச்சுகிட்டே. எனக்கு அப்ப சிரிப்பு வரல. பேப்பரெல்லாம் எடுத்துட்டு வாடான்னேன்.

பேப்பரை பாத்தா ஒரே லோனுக்கு மூணு வட்டி இருக்கு. ஷோரூம் ஆளு பேனால எழுதிக் குடுத்த கொட்டேஷன்ல 10. லோன் பேப்பரோட வந்த கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட், கேஎஃப்எஸ்னு சொல்லுவாங்க, அதுல வட்டி விகிதம்னு இருக்குற இடத்துல 18.16. அதே தாள்ல கொஞ்சம் கீழ ஏபிஆர்னு, அதாவது ஃபீஸெல்லாம் சேத்த வருஷ வட்டின்னு போட்டு 22.16. மூணும் பொய் இல்ல, அதான் இதுல வேடிக்கை. ஒவ்வொன்னும் எங்கருந்து வருதுன்னு பாத்துடுவோம்.

முதல்ல 10. இது ஃப்ளாட் ரேட். 72,000க்கு 10 பெர்சென்ட்னா வருஷத்துக்கு 7,200, ரெண்டு வருஷத்துக்கு 14,400. அதை அசலோட கூட்டுனா 86,400, அத 24ஆல வகுத்தா கரெக்டா 3,600. அசலுக்கு 3,000, வட்டிக்கு 600னு மாசாமாசம் போற மாதிரி ஒரு கணக்கு. கேக்க சுத்தமா இருக்கு, நாலாங்கிளாஸ் பையன் கூட போட்டுருவான், அதனால தான் ஷோரூம்ல இதையே சொல்றாங்க.

கோளாறு எங்கன்னா, அந்த 600 ரூபா வட்டி 72,000க்கு போட்ட வட்டி. ஆனா இவன் கைல 72,000 முழுசா இருக்குறது முதல் மாசம் மட்டும்தான். அடுத்த மாசம் 3,000 திருப்பிக் குடுத்தாச்சு, அதுக்கு அடுத்த மாசம் இன்னொரு 3,000. இப்படியே போய் கடைசி மாசம் இவன் பாக்கி வச்சிருக்குறதே 3,000 ரூபா தான், அதுக்கும் அதே 600 ரூபா வட்டி கட்டுறான். மூவாயிரத்துக்கு ஒரு மாசத்துக்கு அறுநூறு! மீட்டர் வட்டிக்காரன் கேட்டாக்கூட ஒரு நிமிஷம் யோசிப்பான்.

சரி அப்ப உண்மையான வட்டி என்ன. பேனா பேப்பர்லயே ஓரளவுக்கு கண்டுபிடிக்கலாம். பாக்கி 72,000ல ஆரம்பிச்சு 3,000ல முடியுது, சராசரி 37,500. வருஷத்துக்கு வட்டி 7,200. 7,200ஐ 37,500ஆல வகுத்தா 19.2 பெர்சென்ட். ஃப்ளாட் ரேட்ட கிட்டத்தட்ட ரெண்டால பெருக்குன்னு பெருசுங்க சொல்றது இதத்தான்.

ஆனா கேஎஃப்எஸ்ல 19.2 இல்ல, 18.16. ஏன் குறையுதுன்னா, லோன் குடுக்குறவன் தன் புக்ஸ்ல மாசம் 3,000 அசல்னு சமமா கழிக்க மாட்டான். அவன் கணக்குல முதல் மாசம் 72,000க்கு ஒரு மாச வட்டி 1,089 ரூபா, அத மொதல்ல எடுத்துக்குவான், 3,600ல மீதி 2,511 தான் அசல்ல கழியும். ரெண்டாவது மாசம் வட்டி 1,051. இப்படி கொறஞ்சு கொறஞ்சு வந்து கடைசி மாசம் வட்டி வெறும் 54 ரூபா. அதாவது ஆரம்பத்துல அசல் மெதுவா தான் எறங்குது, அதனால சராசரி பாக்கி 37,500 இல்ல, 39,650 கிட்ட. 7,200ஐ அதால வகுத்துப் பாருங்க, 18.16 வந்துரும். வட்டி மொத்தம் அதே 14,400 தான், மாறுனது எதுக்கு மேல எத்தனை நாள் போடுறோம்ங்கறது மட்டும்தான்.

இதுக்கு எக்ஸெல்ல ஒரே ஒரு லைன் போதும், போன்ல இருக்குற ஷீட்ஸ்லயும் வேலை செய்யும். செல்லுக்கு பெர்சென்ட் ஃபார்மேட் ரெண்டு தசமத்தோட வச்சுக்கங்க, இல்லன்னா தசமமெல்லாம் சரியா தெரியாம போகலாம்.

```
=RATE(24,-3600,72000)*12
```

24 மாசம், மாசம் 3,600 வெளிய போகுது அதனால மைனஸ், 72,000 உள்ள வந்துச்சு. RATE குடுக்குறது ஒரு மாச வட்டி, 1.513 பெர்சென்ட், அத 12ஆல பெருக்குனா 18.16. மைனஸ் போட மறந்தா எரர் வரும், அவ்ளோதான் இதுல சூட்சுமம்.

நம்மூர் பாஷைல சொன்னா இன்னும் சுலபமா வெளங்கும். 10 பெர்சென்ட்ன்னா நூத்துக்கு 83 பைசா வட்டி மாதிரி காதுல விழுது, பரவால்லயேன்னு தோணும். நிஜத்துல அது நூத்துக்கு ஒன்றரை ரூபா வட்டி.

இப்ப அந்த 22.16. இது ப்ராசஸிங் ஃபீஸ் பண்ற வேலை. வண்டி எடுத்த அன்னைக்கு இவன் கட்டுனது 26,000 இல்ல, 28,714. என்னடா இதுன்னு ரசீத பாத்தா ப்ராசஸிங் ஃபீஸ் ரெண்டரை பெர்சென்ட், அதாவது 1,800, அதுக்கு 18 பெர்சென்ட் ஜிஎஸ்டி 324. டாக்குமெண்டேஷன் சார்ஜ் 500, அதுக்கு ஜிஎஸ்டி 90. ஆக மொத்தம் 2,714. வட்டிக்கு ஜிஎஸ்டி கெடையாது, ஃபீஸுக்கு உண்டு, இத பல பேரு சேத்துக்க மறந்துருவாங்க.

"அது வட்டி இல்லையே மாமா, ஒரு தடவ கட்டுற காசு தான" அப்டின்னான். நான் சொன்னேன், மாப்ள, வண்டி வெல 98,000, நீ அன்னைக்கு உன் பாக்கெட்லருந்து எடுத்தது 28,714, அப்ப அவன் உனக்காக நெசமா போட்ட காசு எவ்ளோ? கழிச்சுப் பாத்தான், 69,286. பேப்பர்ல 72,000னு எழுதிருந்தாலும் அன்னைக்கு அவன் கைய விட்டு நிகரமா போனது 69,286 தான். ஆனா நீ மாசாமாசம் கட்டப்போறது 72,000க்கு போட்ட 3,600. ஃபீஸ நீ ஷோரூம்ல ரொக்கமா கட்டுனாலும் சரி, அவன் லோன்ல புடிச்சுகிட்டு மீதிய டீலருக்கு அனுப்புனாலும் சரி, கணக்கு ஒன்னு தான்னேன்.

```
=RATE(24,-3600,69286)*12
```

22.16. மாசத்துக்கு 1.847, அதாவது நூத்துக்கு ஒரு ரூபா எம்பத்தஞ்சு பைசா வட்டி. வெறும் 2,714 ரூபா, லோன்ல நாலு பெர்சென்ட் கூட இல்ல, ஆனா வருஷ வட்டிய முழுசா நாலு பாயிண்ட் தூக்கிவிட்ருச்சு. காரணம் மறுபடியும் அதே சராசரி பாக்கி தான். ரெண்டு வருஷத்துக்கு 2,714ன்னா வருஷத்துக்கு 1,357, ஆனா வருஷம் முழுக்க இவன் கைல சராசரியா நிக்கிற கடன் 38,000, 39,000 தான, அதுக்கு 1,357ங்கறது மூன்றரை கிட்ட, அதோட கைக்கு வந்த காசும் கொறஞ்சுபோச்சு, ரெண்டும் சேந்து நாலு. பேனா கணக்குலயும் இத போடலாம், 14,400ஓட 2,714 கூட்டி ரெண்டால வகுத்து 37,500ஆல வகுத்தா 22.8 வரும். ஷோரூம்ல நின்னுகிட்டே போன் கால்குலேட்டர்ல போட்டு பாக்குறதுக்கு இந்தளவு துல்லியம் தாராளம்.

இதுல இன்னொரு வகை இருக்கு, மச்சானுக்கு நடக்கல, ஆனா வண்டி லோன்ல சகஜம். அட்வான்ஸ் ஈஎம்ஐ. முதல் தவணைய வண்டி எடுக்குற அன்னைக்கே வாங்கிக்குவாங்க. ஒரு மாசம் முன்னாடி கட்டுறோம் அவ்ளோதானன்னு தோணும். இதே லோன்ல அத போட்டுப் பாத்தேன், கைக்கு வந்தது 65,686, பாக்கி 23 தவணை, RATE போட்டா வருஷத்துக்கு 24.28. ரெண்டு ரூபா வட்டிய தாண்டிருச்சு! மாச தவணை மாறல, ஃப்ளாட் ரேட் மாறல, ஒரு தவணைய எந்த நாள்ல வாங்குறாங்கங்கறதுக்கே ரெண்டு பாயிண்ட்.

கேஎஃப்எஸ் பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நம்ம ஆளுங்க கையெழுத்து போடுற தாள்ல உருப்படியான ஒரே தாள் அதுதான். ரிசர்வ் பேங்க் 2024 ஏப்ரல்ல ஒரு சர்க்குலர் போட்டாங்க, 2024 அக்டோபர் 1ல இருந்து புதுசா குடுக்குற எல்லா சில்லறை தவணைக் கடனுக்கும், வண்டி லோன் உட்பட, இந்த தாள் கட்டாயம். வட்டி, ஃபீஸ், இன்சூரன்ஸ் மாதிரி வேற ஆளுக்காக இவங்க வசூல் பண்ற காசு, எல்லாத்தையும் சேத்து ஏபிஆர் போடணும், எப்படி வந்துச்சுன்னு கணக்கு தாளும் தவணை அட்டவணையும் கூடவே வைக்கணும், வாங்குறவருக்கு புரியிற பாஷைல இருக்கணும். அதுல இல்லாத ஒரு சார்ஜ, வாங்குனவர் வெளிப்படையா ஒத்துக்காம பின்னாடி புடிக்கக் கூடாது. ஏழு நாளும் அதுக்கு மேலயும் உள்ள கடன்னா, யோசிக்க குறைஞ்சது மூணு வேலை நாள் டைம் குடுக்கணும்னும் இருக்கு. மச்சானுக்கு இங்கிலீஷ்ல தான் குடுத்தாங்க, வண்டி சாவிய ஒரு கைல குடுத்து தாள இன்னொரு கைல நீட்டுனாங்க, மூணு நிமிஷத்துல பதினேழு கையெழுத்து. மூணு நாளாவது ஒன்னாவது.

சரி, நாலாவதா ஒரு நம்பர் இருக்கு, அது எந்த தாள்லயும் இல்ல. தலைப்புல கேட்ட கேள்விக்கு கறாரான பதில் அதுதான். 22.16ங்கறது மாச வட்டிய சும்மா 12ஆல பெருக்குனது. ஆனா வட்டிய மாசாமாசம் கட்டுறோம், வருஷக் கடைசில இல்ல. மாசம் 1.847 வீதம் வட்டிக்கு வட்டி ஏறி ஒரு வருஷத்துல எவ்ளோ ஆகும்னு பாத்தா தான் உண்மையான வருஷ வட்டி.

```
=(1+RATE(24,-3600,69286))^12-1
```

24.56 வரும். பத்துல ஆரம்பிச்ச லோன் இருபத்திநாலரைல வந்து நிக்குது.

இந்த எடத்துல தான் கணக்கு தெரிஞ்ச ஆளுங்களே சண்டை போட்டுக்குவாங்க. ஒருத்தர் RATE போட்டு 22.16ங்கறார், இன்னொருத்தர் தேதியெல்லாம் போட்டு எக்ஸெல்ல XIRRங்கற ஃபார்முலா அடிச்சு 24 சொச்சம்ங்கறார், லோன் கம்பெனி ஏமாத்திட்டான்னு கத்துவார். ஏமாத்தல. XIRR எப்பவும் கூட்டு வட்டி கணக்குல வருஷ வட்டிய குடுக்கும், ஏபிஆர்ங்கறது 12ஆல பெருக்குன வட்டி. ரிசர்வ் பேங்க் அந்த சர்க்குலர்லயே ஒரு மாதிரி கணக்கு குடுத்திருக்கு, 20,000 லோன், 24 மாசம், 15 பெர்சென்ட் வட்டி, 400 ரூபா ஃபீஸ், ஏபிஆர் 17.07. அத நான் போட்டு பாத்தேன், மாச வட்டிய 12ஆல பெருக்குனா தான் 17.07 வருது, கூட்டு வட்டியா போட்டா 18.47. அப்ப கேஎஃப்எஸ்ல இருக்குறத சரிபார்க்கணும்னா RATEஐ 12ஆல பெருக்கித்தான் பாக்கணும். எஃப்டில காலாண்டுக்கு வட்டி ஏறி வருஷத்துக்கு இவ்ளோ வெளையும்னு பேங்க்காரன் சொல்றானே, அதோட ஒப்பிடணும்னா மட்டும் 24.56. அதோட RATE எல்லா மாசமும் சமமான இடைவெளின்னு நெனச்சுக்கும், வண்டிய 20ஆம் தேதி எடுத்து முதல் தவணை அடுத்தடுத்த மாசம் 5ஆம் தேதின்னா கொஞ்சம் கீழ மேல போகும், அதுக்கெல்லாம் சண்டைக்கு போக வேண்டாம்.

இப்ப அந்த பேங்க் 14 பெர்சென்ட்டுக்கு வருவோம். அது குறையுற பாக்கிக்கு போடுற வட்டி, ரிட்யூசிங். அதே 72,000, அதே 24 மாசம், தவணை 3,457. மாசத்துக்கு 143 ரூபா கம்மி, 24 மாசத்துக்கு 3,432 ரூபா. பேங்க் ஃபீஸ் ஜிஎஸ்டியோட 590ன்னு சொல்லிருந்தாங்க, அதையும் சேத்தா ஏபிஆர் 15 கிட்ட வருது. இத எழுதி காட்டுனதும் மச்சான் கொஞ்ச நேரம் பேசல. "பதினாலு தான் சின்னதா மாமா?"ன்னான். தவணைய கேட்ருந்தா போதும்டா, பெர்சென்ட்ட விடு, ஒரே லோன் தொகை ஒரே மாசக் கணக்குன்னா ரெண்டு பேரையும் மாச தவணை எவ்ளோ, மொத நாள் நான் எவ்ளோ கட்டணும்னு மட்டும் கேளு, 3,600க்கும் 3,457க்கும் எது பெருசுன்னு உனக்கே தெரியும்னேன்.

கதை இத்தோட முடியல. பன்னெண்டு தவணை கட்டி முடிச்சப்ப அவனுக்கு ஏலச்சீட்டு எடுத்த காசு 42,000 கைல வந்துச்சு. லோன முடிச்சுரலாம்னு கெளம்பிட்டான். அவன் மனசுல இருந்த கணக்கு, பாதி கட்டியாச்சு, பாக்கி அசல் 36,000. போய் கேட்டா பாக்கி அசல் 39,235ன்னாங்க, அதுக்கு மேல ஃபோர்க்ளோஷர் சார்ஜ் நாலு பெர்சென்ட் 1,569, அதுக்கு ஜிஎஸ்டி 282, ஆக மொத்தம் 41,086. கோவமா எனக்கு போன் அடிச்சான், ஏமாத்துறானுங்க மாமான்னு.

39,235 சரியான கணக்கு தான். மேல சொன்னேன்ல, அவன் புக்ஸ்ல ஆரம்பத்துல அசல் மெதுவா தான் எறங்கும்னு, அதோட பலன் இது. வாங்கும்போது மாசம் 3,000 அசல்னு ஃப்ளாட்ல சொல்றது, முடிக்கும்போது ரிட்யூசிங்ல பாக்கிய எடுக்குறது, ரெண்டுக்கும் நடுவுல 3,235 ரூபா. கேஎஃப்எஸ் கூட வந்த தவணை அட்டவணைல 12ஆவது வரிய பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். முன்கூட்டி அடைக்க சார்ஜ் போடக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் சொல்லிருக்கேன்னு கேட்டான். அது தனி ஆளுங்க வாங்குற ஃப்ளோட்டிங் ரேட், அதாவது வட்டி ஏறி எறங்குற கடனுக்கு மாப்ள, உன்னோடது ஃபிக்ஸட், வட்டி மாறாது.

அப்ப முடிக்கலாமா வேண்டாமா? இங்க ரெண்டு வேற வேற கேள்வி இருக்கு, போட்டு கொழப்பிக்கக் கூடாது. அன்னைக்கு முடிச்சிருந்தா மொத்த லோனோட ஏபிஆர் 26.3 ஆயிருக்கும், ஏன்னா 2,714 ஃபீஸ் ரெண்டு வருஷத்துக்கு பரவாம ஒரே வருஷத்துல இறங்குது, மேல ஃபோர்க்ளோஷர் சார்ஜ் வேற. ஐயோ 26ஆன்னு பயந்து முடிக்காம இருக்கறதும் தப்பு, 22 பெர்சென்ட் லோனாச்சே முடிச்சே ஆகணும்னு ஓடறதும் தப்பு. ஃபீஸ் போன காசு போனது தான், முடிச்சாலும் முடிக்காட்டியும் திரும்பி வராது. இனிமே என்னங்கறது தான் கணக்கு. முடிக்கலன்னா 12 தவணை, 43,200 கட்டணும். முடிச்சா இன்னைக்கு 41,086. மிச்சம் 2,114.

```
=RATE(12,-3600,41086)*12
```

9.4 பெர்சென்ட் கிட்ட வருது. அதாவது அந்த 41,086ஐ லோன்ல போட்டு முடிச்சா, அது 9.4 பெர்சென்ட் வட்டி சம்பாதிச்ச மாதிரி. பேங்க்ல சும்மா கெடக்குற காசுன்னா முடிக்கலாம், தப்பில்ல. வேற எங்கயாவது இத விட அதிக வட்டிக்கு கடன் இருக்கான்னு கேட்டேன்.

கொஞ்சம் இழுத்துட்டு சொன்னான். வண்டிக்கு டவுன் பேமெண்ட் கட்டறதுக்கே அத்தையோட வளையல அடகுக்கடைல வச்சு தான் காசு பொரட்டிருக்கான், ஒன்றரை ரூபா வட்டி, அசல் 30,000, வட்டிய மட்டும் மாசம் 450 கட்டிட்டு வர்றான், அசல் அப்படியே நிக்குது. வீட்ல யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, என் வீட்டுக்காரிக்கும் தெரியாது. அது 18 பெர்சென்ட், எந்த மறைப்பும் இல்லாம சொன்ன 18.

மறுநாள் காலைல சீட்டுக் காச எடுத்துட்டு போய் வளையல மீட்டான். வண்டி தவணை மாசம் 3,600 இன்னும் ஓடிகிட்டு தான் இருக்கு, ஏழு பாக்கி.